போனில் பதிந்த குரல் கெட்டிருந்தால்: சாம்பிள் ரேட்டா, பிட் டெப்த்தா, வேறு ஏதாவதா?

எங்கள் குழுவில் ஏழெட்டுப் பேர் வீட்டிலிருந்தபடி போனிலேயே கதை வாசித்து எனக்கு அனுப்புவார்கள். அவற்றை வெட்டி, ஒட்டி, ஒரே சீராக்குவது என் வேலை. வாரத்துக்கு ஒரு ஃபைலாவது கோளாறோடு வரும். அனுப்பியவரைக் கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "சாம்பிள் ரேட்டை ஏத்திப் பார்க்கட்டுமா?" ஏற்றினால் சரியாகிற கோளாறு மிகக் குறைவு. எந்த அறிகுறிக்கு எதைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இரண்டு எண்களையும் நான்கு வரியில் சொல்லிவிடுகிறேன். போன் உங்கள் குரலை ஒரு நொடிக்கு எத்தனை முறை அளந்து எழுதிக்கொள்கிறது என்பது சாம்பிள் ரேட். அந்த எண்ணில் பாதிக்கு மேல் உள்ள அதிர்வெண் எதுவும் பதிவாகாது. 48000 என்றால் 24000 வரை கிடைக்கும், 8000 என்றால் 4000-த்தோடு சரி. ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறது என்பது பிட் டெப்த். 16 பிட்டில் 65,536 படிகள் இருக்கும், 24 பிட்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேல்.

குரலுக்கு 48000, 16 பிட், மோனோ, WAV போதும். நிமிடத்துக்கு ஆறு எம்பிக்குச் சற்றுக் குறைவாக இடம் பிடிக்கும். இதை வைத்துவிட்டு, கோளாறு வந்தால் மட்டும் கீழே படியுங்கள்.

## எதற்கும் முன்னால்: ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது?

கம்ப்யூட்டரில் ffmpeg என்ற இலவச மென்பொருள் இருந்தால், அதோடு வரும் ffprobe-இல் இந்த ஒரு வரி போதும்:

```
ffprobe -v error -show_entries stream=codec_name,sample_rate,channels,bits_per_sample -of default=nw=1 kural.wav
```

அது இல்லையென்றால் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இதே விவரங்களைக் காட்டும். m4a, mp3 ஃபைல்களில் பிட் டெப்த் இடத்தில் பூஜ்யமோ வெற்றிடமோ இருந்தால் பயப்பட வேண்டாம். அப்படிச் சுருக்கப்பட்ட ஃபைல்களுக்குப் பிட் டெப்த் என்ற எண்ணே கிடையாது. "24 பிட் எம்பி3 அனுப்புங்கள்" என்று யாராவது கேட்டால், கேட்டவருக்கும் அது தெரியவில்லை என்று அர்த்தம்.

ஃபைல் .amr என்று முடிந்தால் வேறெதையும் பார்க்கவே வேண்டாம். அது 8000-த்தில் பதியும் பழைய தொலைபேசி வடிவம். ஆப்பின் செட்டிங்கில் WAV அல்லது m4a ஆக மாற்றி மறுபடி பதிய வேண்டியதுதான்.

இந்த எண்கள் ஃபைலின் நெற்றியில் ஒட்டிய சீட்டு மாதிரி. உள்ளே இருப்பது அதுதான் என்று நம்பிவிடக் கூடாது. ஏன் என்பது முதல் அறிகுறியிலேயே தெரிந்துவிடும்.

## அறிகுறி 1: குரல் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மந்தமாக இருக்கிறது

முதலில் காதால் ஒரு சோதனை. "பஸ் ஸ்டாண்டுல சீனு சோடா வாங்கினான்" என்று பதிந்து கேளுங்கள். 'ஸ்' ஒலியில் சீறல் இல்லாமல் "பஃப்" என்பதுபோல் கேட்டால் மேல் அதிர்வெண்கள் போய்விட்டன. 'ஸ்' ஒலியின் பலம் பெரும்பாலும் 4000-க்கு மேல்தான் இருக்கிறது. அதனால்தான் அந்தக் காலத் தொலைபேசியில் பெயரைச் சொல்லும்போது "எஸ்ஸா, எஃப்பா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

போய்விட்டன என்று தெரிந்தபின், எப்படிப் போயின என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஃபைலை ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் திறந்து, டிராக்கின் மெனுவில் `Spectrogram` என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழே தாழ்ந்த ஒலிகளும் மேலே கூர்மையான ஒலிகளும் நிறமாகத் தெரியும். மூன்று விதமான படம் வரலாம்.

படம் கத்தியால் நறுக்கியதுபோல் 4000-த்திலோ 8000-த்திலோ நிற்கிறது. அதற்கு மேலே ஒரே கறுப்பு. இதுதான் உண்மையான சாம்பிள் ரேட் கோளாறு. ஃபைலில் 48000 என்று எழுதியிருந்தாலும் குரல் எங்கோ ஓரிடத்தில் 8000 அல்லது 16000 என்ற குறுகிய வாசலுக்குள் புகுந்து வந்திருக்கிறது. பாத்திரம் பெரியது, உள்ளே இருப்பது அரைப்படி அரிசி.

குற்றவாளி பத்துக்கு ஒன்பது முறை ப்ளூடூத் இயர்போன். பாட்டு கேட்கும்போது அது நல்ல தரத்தில் ஓடும். அதன் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் போன் அழைப்புக்கான வழிக்கு மாறிவிடும். அந்த வழியில் பழைய முறை 8000, அதற்கடுத்து வந்த முறை 16000. மிகப் புதிய இயர்போன்களும் போன்களும் சேர்ந்தால் இதைவிட மேலே போகலாம், ஆனால் அதை நம்பிப் பதிவில் இறங்காதீர்கள். "நான் கேக்கத்தான் மாட்டியிருந்தேன், மைக்கை யூஸ் பண்ணலையே" என்பார்கள். சில ஆப்கள் ப்ளூடூத் இணைந்திருப்பதைப் பார்த்ததும் மைக்கையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆகவே பதிவுக்கு முன் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு, அதே வாக்கியத்தை மறுபடி பதிந்து படத்தைப் பாருங்கள். கறுப்புப் பட்டை போய்விட்டால் வேலை முடிந்தது, செலவு பூஜ்யம்.

சட்டையில் குத்திக்கொள்ளும் வயர்லெஸ் மைக், போனின் சார்ஜிங் வாயில் செருகும் சிறு ரிசீவரோடு வந்தால் அது ப்ளூடூத் வழியில் போவதில்லை. ரிசீவர் இல்லாமல் நேரே போனோடு இணைகிற மலிவு மைக்குகளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த சந்தேகம், ஃபைல் பயணித்த வழி. வாட்ஸ்அப்பில் மைக் பொத்தானை அழுத்திப் பேசி அனுப்பும் குரல் மிகவும் சுருக்கப்பட்டுத்தான் போகும். ரெக்கார்டர் ஆப்பில் பதிந்து, அந்த ஃபைலை டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்பினால் உள்ளது உள்ளபடி வரும்.

ஏற்கெனவே பதிந்த ஃபைலை 48000-க்கு மாற்றுவதால் போன ஒலி திரும்பாது. எண் மாறும், கறுப்புப் பட்டை அப்படியே இருக்கும்.

படம் மேலே போகப் போகப் படிப்படியாக மங்குகிறது. கூர்மையான கோடு எதுவும் இல்லை. இதற்கும் சாம்பிள் ரேட்டுக்கும் சம்பந்தமில்லை. மைக் துளையை ஏதோ மூடியிருக்கிறது: விரல், போன் கவர், பாக்கெட் பஞ்சு, துப்பட்டாவின் மடிப்பு. கவரைக் கழற்றிப் பதியுங்கள். சரியாகவில்லை என்றால் மென்மையான, ஈரமில்லாத பல்துலக்கும் பிரஷால் துளையின் மேல் மெதுவாகத் தடவுங்கள். ஊசியை விட்டு நோண்டாதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய வலையோ மைக்கோ கிழிந்துவிடும். அதன் பிறகும் எல்லா ஆப்பிலும் மந்தம், சாதாரண அழைப்பிலும் எதிராளி "சத்தமா பேசு" என்கிறார் என்றால் சர்வீஸ் கடைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. பல ஆண்ட்ராய்டு போன்களில் கீழ் மைக், சார்ஜிங் வாய் இருக்கும் அதே சின்ன போர்டில்தான் இருக்கும். சார்ஜும் அண்மையில் தகராறு செய்திருந்தால் கடைக்காரரிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படத்தில் ஓட்டை ஓட்டையாக விழுந்திருக்கிறது. பூச்சி அரித்த துணி மாதிரி இருக்கும்; காதுக்குத் தண்ணீருக்குள் பேசுவதுபோல் கேட்கும். இது இரைச்சல் நீக்கியின் கைவேலை, அல்லது மிகக் குறைந்த பிட்ரேட்டில் சுருக்கியதன் விளைவு. ஆப்பில் இரைச்சல் நீக்கும் வசதியை அணையுங்கள், WAV-இல் பதியுங்கள்.

## அறிகுறி 2: குரல் கனத்து இழுக்கிறது, அல்லது கீச்சென்று ஓடுகிறது

இது அடிக்கடி வராது. வந்தால் ஆளைக் குழப்பிவிடும். போன வருடம் மதுரையிலிருந்து கதை அனுப்பும் அக்கா ஒருவரின் ஃபைலைத் திறந்தேன். ஜலதோஷம் பிடித்து, தூக்கக் கலக்கத்தில் வாசித்ததுபோல் இருந்தது.

"அக்கா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கேன். ஏன் தம்பி, வாசிப்பு நல்லா இல்லியா?"

வாசிப்பில் ஒன்றுமில்லை. அவர் அலாரம் வைத்துச் சரியாகப் பத்து நிமிடம் வாசித்திருக்கிறார். என்னிடம் வந்த ஃபைலின் நீளம் 10 நிமிடம் 53 நொடி. அந்த 53 நொடிதான் துப்பு.

புதிதாக வாங்கிய மைக் நொடிக்கு 48000 அளவுகள் கொடுத்திருக்கிறது. ஆப், ஃபைலின் தலைப்பில் 44100 என்று எழுதிவிட்டது. பத்து நிமிடம் என்பது 600 நொடி; 600 × 48000 = 2,88,00,000 அளவுகள். அதை நொடிக்கு 44100 வீதம் திருப்பிப் படித்தால் 653 நொடி ஆகும், அதாவது 10:53. நீளம் கூடுகிற அதே கணக்கில் சுருதியும் இறங்கும், கிட்டத்தட்ட முக்கால் கட்டை. இதற்கு நேர்மாறாக 44100-இல் பதிந்ததை 48000 என்று படித்தால் பத்து நிமிடம் 9:11 ஆகச் சுருங்கும், குரல் கீச்சென்று ஏறும்.

ஆகவே சோதனை எளிது. வேறொரு கடிகாரத்தை வைத்துச் சரியாக ஒரு நிமிடம் பதியுங்கள். ஃபைல் 65 நொடி காட்டினால் முதல் வகை, 55 நொடி காட்டினால் இரண்டாம் வகை. 60 நொடியே காட்டியும் குரல் கனமாகத் தெரிந்தால் காரணம் சாம்பிள் ரேட் அல்ல. ஆப்பில் ஏதாவது எஃபெக்ட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் கோளாறில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஒலி எதுவும் தொலையவில்லை, சீட்டுதான் தப்பு. ஆடாசிட்டியில் டிராக் மெனுவில் `Rate` என்பதை முதல் வகைக்கு 48000, இரண்டாம் வகைக்கு 44100 ஆக்கினால் அந்த நொடியே குரல் சரியாகிவிடும். அதே மென்பொருளில் `Resample` என்று இன்னொன்றும் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். முதலாவது சீட்டை மட்டும் மாற்றும். இரண்டாவது கனத்த குரலைக் கனமாகவே புதிய எண்ணுக்கு மாற்றி எழுதும். முதல் வகையை ffmpeg வழியாகச் சரிசெய்ய:

```
ffmpeg -i kanam.wav -af asetrate=48000 sari.wav
```

அக்காவின் ஃபைல் ஒரு நிமிடத்தில் சரியானது. அடுத்த பதிவிலும் இது வராமலிருக்க ஆப்பின் செட்டிங்கிலேயே 48000 வைக்கச் சொன்னேன். யூஎஸ்பி வழியாகச் செருகும் மைக்குகள் பலவும் 48000-த்தில்தான் இயங்கும்; ஆப்பும் அதே எண்ணில் இருந்தால் நடுவில் யாரும் எண்ணை மாற்ற வேண்டியதில்லை.

## அறிகுறி 3: பேச்சுக்குப் பின்னால் 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல்

பிட் டெப்த்தின் மேல் அதிகம் பழி விழுவது இங்கேதான். "16 பிட்டுல இரைச்சல் வருது, 24 போடணுமாம்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். மாற்றிப் பதிவார்கள், இரைச்சல் அப்படியே இருக்கும், ஃபைல் மட்டும் ஒன்றரை மடங்கு வீங்கும்.

பதிவைத் தொடங்கி, பத்து நொடி வாய் திறக்காமல் இருங்கள், பிறகு பேசுங்கள். ஆடாசிட்டியில் இரண்டு பகுதிகளின் மட்டத்தையும் பாருங்கள். அங்கே பூஜ்யம் டெசிபெல்தான் கூரை; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சத்தம் குறைவு. எனக்கு வரும் கெட்ட பதிவுகளில் பேச்சின் உச்சம் மைனஸ் 30 டெசிபெல், மௌனம் மைனஸ் 55 என்று இருக்கும். பேச்சை ஏற்ற 20 டெசிபெல் கூட்டினால் மௌனமும் கூடவே ஏறி மைனஸ் 35-க்கு வந்துவிடும். அதுதான் காதில் விழும் 'ஸ்ஸ்ஸ்'. 16 பிட்டின் சொந்த இரைச்சல் மைனஸ் 96 அருகே கிடக்கிறது. அதையும் 20 கூட்டினால் மைனஸ் 76. விசிறிச் சத்தம், தெருச் சத்தம், மைக்கின் சொந்த இரைச்சல் ஆகியவற்றுக்கு 40 டெசிபெல் கீழே கிடக்கும் ஒன்றைச் சரிசெய்து என்ன ஆகப்போகிறது?

செலவில்லாதது முதலில்: போனை வாய்க்கு அருகே கொண்டுவாருங்கள். ஒரு சாண் தூரம் சரி. தூரம் பாதியானால் குரல் 6 டெசிபெல் ஏறும், அறையின் இரைச்சல் அப்படியே நிற்கும். கைநீளத் தூரத்திலிருந்து ஒரு சாணுக்கு வந்தாலே 9, 10 டெசிபெல் லாபம். வாய்க்கு நேரே பிடிக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் 'ப', 'ப்ப' காற்று அடிக்காது. அடுத்து விசிறி. சென்னை வெயிலில் விசிறியை நிறுத்தச் சொல்வது பாவம்தான், ஆனாலும் பத்துப் பத்து நிமிடமாக நிறுத்திப் பதியலாம். அதற்கும் பிறகு காசு செலவழிப்பதென்றால் சட்டையில் குத்தும் கம்பி மைக் ஒன்று.

பிட் டெப்த் நிஜமாகவே குற்றவாளியாவது 8 பிட்டில்தான். அதன் இரைச்சல் வேறு மாதிரி இருக்கும். மௌனத்தில் எதுவும் கேட்காது, சொல் முடிந்து தேயும் இடத்தில் மட்டும் மணல் உரசுவதுபோல் 'கரகர' என்று வரும். `bits_per_sample=8` என்று ffprobe காட்டினால் 16-க்கு மாற்றி மறுபடி பதியுங்கள்.

24 பிட் யாருக்கு? வெளியிலிருந்து நல்ல மைக்கும் இன்டர்ஃபேஸும் செருகி, மட்டத்தைத் தாழ்வாக வைத்துப் பதிந்து, பிறகு நிறைய ஏற்றி வேலை செய்கிறவர்களுக்கு. போனின் சொந்த மைக்குக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி.

## அறிகுறி 4: சத்தமாகப் பேசும் இடத்தில் குரல் உடைகிறது

அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சிகள் மலைபோல் வளைந்திருக்க வேண்டும். மொட்டை மாடிபோல் தட்டையாக இருந்தால் வெட்டுப்பட்டிருக்கிறது. இதற்கும் 24 பிட் மருந்தில்லை. 16-க்கும் 24-க்கும் கூரை ஒன்றுதான், பூஜ்யம் டெசிபெல். 24 பிட் தரையைத்தான் கீழே இறக்கும், கூரையை உயர்த்தாது.

தட்டை, பூஜ்யத்திலேயே இருந்தால் ஆப்பின் மட்டத்தைக் குறையுங்கள். உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவே நிற்கட்டும். மட்டத்தைக் குறைத்த பிறகும், பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் 8-லேயே தட்டையாகிறது என்றால் குரல் ஆப்புக்கு வருவதற்கு முன்பே உடைந்துவிட்டது. மைக் தாங்கவில்லை. அப்போது தூரம் கூட்டுவதுதான் வழி, எந்த எண்ணும் உதவாது.

திரும்பப் பதியவே முடியாத ஒன்று, தாத்தாவின் பேச்சு மாதிரி, இப்படி உடைந்திருந்தால் நீங்களே பத்து எஃபெக்ட் போட்டுப் பார்க்காதீர்கள். மூல ஃபைலைத் தொடாமல் ஒலிப்பொறியாளர் ஒருவரிடம் கொடுங்கள். வெட்டுப்பட்ட உச்சிகளை ஓரளவு ஊகித்து வரைய அவர்களிடம் கருவிகள் உண்டு. நீங்கள் எம்பி3 ஆக மாற்றிக் கொடுத்தால் அந்த ஊகமும் பிசகும்.

## அறிகுறி 5: நடுநடுவே 'டிக்', 'டிக்'

முதலில் கம்பியை அசைத்துப் பாருங்கள்; செருகி தளர்ந்திருந்தால் அசைக்கும்போதே வரும். பிறகு பேட்டரி சேவரை அணைத்து, மற்ற ஆப்களை மூடிப் பதியுங்கள். யூஎஸ்பி மைக் என்றால் ஆப்பை 48000-க்கு மாற்றிப் பாருங்கள். மைக்கைக் கழற்றிவிட்டு, போனின் சொந்த மைக்கில் பதிந்தபோதும் டிக் வந்தால் வேறு ஆப். மைக்கோடு மட்டும் வந்தால், இன்னொரு போனில் செருகிப் பாருங்கள். அங்கேயும் வந்தால் உத்தரவாதக் காலம் முடிவதற்குள் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

## அறிகுறி 6: வீடியோவில் வாயும் குரலும் ஒட்டவில்லை

தொடக்கத்தில் எவ்வளவு பிசகோ கடைசியிலும் அவ்வளவே பிசகு என்றால், தடத்தை நகர்த்தி ஒட்டினால் போதும். தொடக்கத்தில் ஒட்டிப் பத்து நொடியிலேயே கிட்டத்தட்ட ஒரு நொடி விலகினால் அது அறிகுறி 2-இல் சொன்ன 44100, 48000 குழப்பம். அங்கே உள்ள மருந்தே இங்கேயும்.

ஒரு மணி நேரப் பேச்சில், கடைசியில்தான் அரை நொடிக்குள் விலகல் தெரிகிறது என்றால் குரலைப் பதிந்த போனின் கடிகாரமும் வீடியோ எடுத்த போனின் கடிகாரமும் இம்மியளவு வேறு வேகத்தில் ஓடியிருக்கின்றன. இரண்டிலும் 48000 என்றே எழுதியிருக்கும், இரண்டும் முழுப் பொய்யில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, பேச்சு இடைவெளியில் வெட்டிச் சற்று நகர்த்தி ஒட்டுங்கள். அடுத்த முறை தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை கைதட்டிப் பதிந்தால், விலகல் எவ்வளவு என்று அந்த இரண்டு தட்டல்களை வைத்தே அளந்துவிடலாம்.